மேட்டையும் சேர்த்து ஒரு மரம்

எங்கள் நகராட்சியின் மரப் பிரிவில் மொத்தம் மூன்று பேர். முதலாமவர் பிரிவு அதிகாரி. மரத்தை நாற்காலி, மேஜை என்ற வடிவங்களில் மட்டும் நன்கு அறிந்தவர். இரண்டாமவள் அணில். கயிறும் வாருமாக எந்த மரத்திலும் ஏறிக் கிளை கழிப்பவள். அவள் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்குவதில்லை. மூன்றாமவன் நான். மரத்தின் மேல் ஏறாமல், பத்திரமான தூரத்தில் நின்றுகொண்டு அதன் உயரத்தைச் சொல்கிறவன். ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றினாலே தலை சுற்றுகிற ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

என் கருவி ஒரு கிளினோமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பெட்டி. அதன் ஓட்டையில் ஒரு கண்ணை வைத்து, இன்னொரு கண்ணையும் திறந்தே வைத்துப் பார்த்தால், உள்ளே சுழலும் தட்டின் கோடு மரத்தின் மேல் விழுந்த மாதிரி தெரியும். நம் கண் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை டிகிரி மேலே, எத்தனை டிகிரி கீழே என்று அது சொல்லும். மட்டத்தில் இருந்தால் பூஜ்யம். இரண்டு கண்ணும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஒரே ரகசியம். எங்கள் அதிகாரி ஒரு முறை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். பார்த்தவர்கள் அவர் எதிர்வீட்டம்மாவுக்குக் கண்ணடிப்பதாக எண்ணிக்கொண்டார்கள். அதன் பிறகு கருவி என் வசமே இருக்கிறது.

அப்படிப்பட்ட எனக்கு என் அத்தானே ஒரு புகார் அனுப்பினார்.

அக்காவும் அத்தானும் ஒரு சரிவின் அடியில் குடியிருக்கிறார்கள். இரண்டு அடுக்கு வீடு. பின்சுவரிலிருந்து நிலம் சாய்த்து வைத்த பலகைபோல ஒரே சீராக மேலே ஏறும். அந்தச் சரிவு மேல்வீட்டுக்காரருக்குச் சொந்தம். அவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். சரிவின் நடுவில் ஒரு சில்வர் ஓக் மரம், நேராக, மெலிந்து, நிற்கிறது. போன மாதத்துப் பெருங்காற்றில் அது தலைவிரித்து ஆடியதைப் பார்த்ததிலிருந்து அத்தானுக்குத் தூக்கம் போய்விட்டது. வெட்ட வேண்டும் என்கிறார். டாக்டர் வெட்ட விடமாட்டேன் என்கிறார்.

புகாரில் அத்தான் கூரைத் தகரக் கால்வாயில் இலை அடைப்பது, பூச்சி வருவது, வெயில் மறைப்பது என்று ஏகப்பட்ட காரணங்களை எழுதியிருந்தார். என்னிடம் தொலைபேசியில் சொன்ன காரணம் வேறு.

"உங்கக்காவோட தையல் மெஷின் மாடி ஜன்னலோரம்தான் கிடக்கு. மரம் வந்து விழுந்துச்சுன்னா மெஷின் நொறுங்கிரும் மச்சான். இப்ப அந்த மாடல் கிடைக்கிறதில்ல."

காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்வரை அந்த மெஷினை விட்டு எழாத ஒரு மனுஷி அதன் முன்னால் இருக்கிறாள் என்பதை அத்தான் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அக்காவைப் பற்றிய எந்தக் கவலையையும் அவர் ஏதாவது ஒரு சாமானின் பேரில்தான் சொல்லியிருக்கிறார். எனக்குப் பழக்கம்தான்.

புகார் கொடுத்தவர் என் சொந்த அக்கா புருஷன், அதனால் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று அதிகாரியிடம் சொன்னேன். வேறு யார் இருக்கிறார்கள் என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, ஒழுங்காக அளந்தால் உறவு போகும், ஒழுங்கில்லாமல் அளந்தால் வேலை போகும், எதுவானாலும் நஷ்டம் உன்னோடு நின்றுவிடும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தார்.

எங்கள் விதி எளிமையானது. அடுத்தவர் நிலத்து மரம் வீட்டின்மேல் விழும் என்று புகார் வந்தால், மரத்தின் உயரத்தைப் பார். அடிமரத்திலிருந்து வீட்டுச் சுவர் வரை தரையோடு டேப் பிடித்து அளந்த தூரத்தைப் பார். உயரம் அதிகமானால் வெட்டு. குறைவானால் விட்டுவிடு. ஏன் தரையோடு என்றால், யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்பார்களே, மரத்துக்கு அந்த மட்டம்கூடக் கிடையாது, விழுந்தால் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். சரிவில் விழுந்தால் சரிவோடு நீளும். நானே பயிற்சி வகுப்பில் இதை மிகுந்த கம்பீரத்தோடு விளக்கியிருக்கிறேன்.

நானும் அணிலும் போய்ச் சேர்ந்தபோது போர் பாதி முடிந்திருந்தது. இரு தரப்பும் ஏற்கெனவே மரத்தை அளந்து வைத்திருந்தார்கள்.

அத்தான் பள்ளிக்கூடத்துப் பாகைமானியில் நூல் கட்டி, நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, தன் பின்சுவரில் முதுகைச் சாய்த்து நின்று மர உச்சியைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தொன்றரை டிகிரி. சுவரிலிருந்து மரம் வரை டேப்பில் பதினெட்டு மீட்டர் நாற்பது. தூரத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கு, கண் உயரத்தைக் கூட்டு. பள்ளிக்கூடத்தில் கொடிக்கம்பத்துக்குச் செய்த அதே கணக்கு. விடை, இருபத்து நாலே முக்கால் மீட்டர்.

டாக்டர் தன் போன் செயலியோடு மரத்துக்கு மேலே, சரிவில் இருபது மீட்டர் ஏறி நின்று பார்த்திருக்கிறார். உச்சி அவருக்கு இருபத்தெட்டரை டிகிரி மேலே. அதே பள்ளிக்கூடம், அதே கொடிக்கம்பம். விடை, பன்னிரண்டரை மீட்டர்.

ஒரே மரம் கீழ்வீட்டுக்குக் கிட்டத்தட்ட இருபத்தைந்து, மேல்வீட்டுக்குப் பன்னிரண்டரை. சொத்து வரிக்குக்கூட இவ்வளவு வித்தியாசமாக யாரும் கணக்குக் காட்டுவதில்லை.

"உங்க ஆளு பாதி மரத்தைத்தான் பாத்திருக்காரு," என்றார் அத்தான் என்னிடம். டாக்டர் எப்போது என் ஆளானார் என்று தெரியவில்லை.

"அவரு இல்லாத மரத்தையும் பாத்திருக்காரே," என்றார் டாக்டர் மேலேயிருந்து.

கொடுமை என்னவென்றால் இருவரும் சொன்னது உண்மை.

அத்தான் நின்ற இடத்தில் மரத்தின் அடியே அவர் கண்ணைவிட உயரத்தில் இருக்கிறது. அவர் கண் மட்டத்துக்கும் அடிமரத்துக்கும் நடுவில் இருப்பது மரமல்ல, மேடு. அந்த மேட்டையும் மரத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார். டாக்டருக்கு நேர்மாறு. அவர் மேலே நிற்பதால் அவர் கண் மட்டத்துக்குக் கீழேயும் மரம் நிறைய இறங்கிப் போகிறது. அதற்கு ஈடாக அவர் கொடுத்தது தன் கண் உயரமான ஒன்றரை மீட்டர் சொச்சம் மட்டும். போதாக்குறைக்கு இருவருமே சரிவோடு பிடித்த டேப் அளவை மட்டமான தூரம் என்று நினைத்துக்கொண்டார்கள். டேன் கணக்குக்கு வேண்டியது காகம் மட்டமாகப் பறந்து போகிற தூரம். எறும்பு ஊர்ந்து போகிற தூரம் அல்ல.

சரிவில் மரம் அளப்பதற்கு நல்ல வழி, மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் நடந்துபோய் நின்று பார்ப்பது. ஆனால் ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி. ஆகவே மேலேயிருந்து ஒன்று, கீழேயிருந்து ஒன்று என இரண்டு தடவை அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தீர்மானித்தேன்.

முதலில் டாக்டர் நின்ற இடம். அணில் மரத்தடியில் டேப்பின் நுனியைப் பிடித்தாள். புதரில் மாட்டாமல், தொய்யாமல் இழுத்தோம். இருபது மீட்டர். அவள் கையிலிருந்த கோலில் என் கண் உயரத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தோம். அந்தத் துணியைக் கிளினோமீட்டரில் பார்த்தேன். நிலத்தின் சரிவு பதினெட்டு டிகிரி. இருபதை அதன் கொசைன் மதிப்பால் பெருக்கினால் மட்டமான தூரம் பத்தொன்பது மீட்டர், இரண்டு சென்டிமீட்டர். அடுத்து உச்சி, இருபத்தெட்டரை டிகிரி மேலே. கடைசியாக டாக்டர் பார்க்க மறந்த அடிமரம், இருபத்திரண்டு டிகிரி கீழே. ஒன்று கண்ணுக்கு மேல், மற்றது கண்ணுக்குக் கீழ் என்பதால் இரண்டு டேன் மதிப்பையும் கூட்ட வேண்டும். கூட்டி, மட்டமான தூரத்தால் பெருக்கினேன். பதினெட்டு மீட்டர்.

பிறகு அத்தானின் பின்சுவர். டேப்பில் பதினெட்டு நாற்பது, அதே சரிவு. மட்டமான தூரம் பதினேழரை. உச்சி ஐம்பத்தொன்றரை. அத்தானின் நட்டு நூல் கருவி பொய் சொல்லவில்லை; பாவம், தப்பு நடந்தது கோணத்தில் அல்ல, கணக்கில். அடிமரம் பதின்மூன்று டிகிரி, அதுவும் மேலே. இரண்டுமே கண்ணுக்கு மேலே இருந்தால் கழிக்க வேண்டும். கழித்துப் பெருக்கினால் பதினேழு மீட்டர் தொண்ணூற்றாறு. இரண்டு இடத்திலிருந்தும் அதே மரம். மரம் எந்தப் பக்கமும் சாயவில்லை என்பதையும் சுற்றிவந்து பார்த்துக்கொண்டோம்.

உயரம் பதினெட்டு. தரையோடு தூரம் பதினெட்டே நாற்பது. விதிப்படி மரம் நிற்கலாம்.

நான் இதைச் சொன்னபோது டாக்டர் வெற்றியைக் கொண்டாடினார் என்று சொல்லமுடியாது. தன் பன்னிரண்டரை போனதில் அவருக்கு வருத்தம். அத்தான் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நாப்பது சென்டிமீட்டர்," என்றார் கடைசியில். "ஒரு கிளை நீட்டத்துக்கு வராது. சரி. மெஷினுக்கு இன்ஷூரன்ஸ் போட்டுக்கறேன்."

நான் அவருக்கு விதியை விளக்கினேன். யானை, குதிரை எல்லாம் வந்தன. கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

அணில் டேப்பைச் சுருட்டியபடி என்னைப் பார்த்தாள். "நல்லா கதை அளக்கறீங்கண்ணா," என்றாள்.

அக்கா மாடியிலிருந்து டீ குடித்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டாள். போனேன். ஜன்னலை ஒட்டி மெஷின், அதன் முன்னால் அவள், அவள் மடியில் யாரோ ஒருத்தியின் பாவாடை. நான் நிற்பதற்கு மட்டும் இடம் விட்டுத் துணிகள் எங்கும் பரவிக் கிடந்தன.

"அவர் மேல கோவப்படாதடா," என்றாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "காத்து அடிக்கறப்பல்லாம் மேல வந்து மெஷினுக்கு எண்ணெய் போடறார். போடற எண்ணெய்ல துணியெல்லாம் கறை. எழுந்திருன்னு சொல்லத் தெரியல அவருக்கு."

"நீ ஏன் எழுந்திருக்கல?"

"வெளிச்சம் இங்கதானே இருக்கு. மரமும் எனக்குப் பிடிக்கும்."

சும்மா நிற்கும்போது கையில் இருப்பதை நோண்டுவது என் சுபாவம். கையில் கிளினோமீட்டர் இருந்தது. ஜன்னல் வழியே சும்மா மரத்தைப் பார்த்தேன். கோட்டை உச்சிக்குக் கொண்டுபோகச் சோம்பல். நேராகப் பிடித்த வாக்கில் அது எங்கே விழுகிறது என்று பார்த்தேன்.

பூஜ்யத்தில் அடிமரம் இருந்தது. மண்ணிலிருந்து தண்டு கிளம்புகிற இடம். சரியாக என் கண்ணுக்கு நேர் எதிரே.

டீ ஆறிப்போகும்வரை அப்படியே நின்றேன். சரிவின் அடியில் நிற்கிற வீடு இது. ஆனால் இதன் மாடி, மரம் நிற்கிற மட்டத்துக்கே உயர்ந்திருக்கிறது. மரம் சாய்ந்தால் முதலில் தரையில் படுத்து, பிறகு ஊர்ந்து வந்து கீழ்ச் சுவரைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை. அடியை மையமாக வைத்துக் காம்பஸ் வட்டம் போடுகிற மாதிரி காற்றில் சுழன்று வரும். தரை குறுக்கிடும் முன்பே இந்த ஜன்னல் குறுக்கிடும். அடிமரத்திலிருந்து இந்த ஜன்னலுக்கு எறும்பின் தூரம் தேவையில்லை, காகத்தின் தூரம் போதும். அதை நான் காலையிலேயே கணக்குப் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். பதினேழரை. மரமோ பதினெட்டு. அரை மீட்டர் ஜன்னலுக்குள் வரும். ஜன்னலிலிருந்து அரை மீட்டரில் அக்காவின் நெற்றி இருந்தது.

விதிப்புத்தகத்தை எழுதியவருக்கு மாடி இல்லாத வீடு போலிருக்கிறது. அதைக் கம்பீரமாக விளக்கிய பயிற்றுநரைப் பற்றி நான் ஏதும் சொல்ல விரும்பவில்லை.

"ஏன்டா ஒரு மாதிரி ஆயிட்ட?" என்றாள் அக்கா.

"அத்தான் சொன்னது சரி," என்றேன்.

இருபது வருஷத்தில் இந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து கேட்டிராத அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

விதிப்படி மரம் நிற்கும்; எனக்கு அதை வெட்டச் சொல்ல அதிகாரமில்லை. வெட்டினால் இன்னொரு ஆபத்தும் இருந்தது. அந்தச் சரிவைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேர்தான். அது போனால் இரண்டு மழைக்காலத்தில் மேல்வீடு கீழ்வீட்டுக்கே குடிவந்துவிடும். டாக்டர் பிடிவாதம் பிடித்ததும் இதனால்தான். மிச்சமிருந்த ஒரே வழி, மரத்தை விட்டுவிட்டு நுனியை மட்டும் குறைப்பது. மரத்துக்குச் சொந்தக்காரர் சம்மதித்தால் செய்யலாம்.

டாக்டர் சம்மதிக்கவில்லை. காலையில் நீங்களே நிற்கலாம் என்றீர்கள், மத்தியானம் நீங்களே குறைக்கலாம் என்கிறீர்கள், நடுவில் அக்கா வீட்டில் டீ குடித்தீர்கள் என்று மிகத் துல்லியமாகச் சொன்னார். குற்றச்சாட்டில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. முப்பது வருஷம் பல் பார்த்திருக்கிறேன், ஆடாத பல்லில் கை வைத்ததில்லை என்றும் சொன்னார்.

காகிதத்தில் வட்டம் வரைந்து காட்டினேன். என் வட்டம் முட்டையாக வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

"ஒரே ஒரு தடவை கீழ வந்து அந்த ஜன்னல்ல நின்னு பாருங்க டாக்டர்," என்றேன். "அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் அந்த வீட்டுப் படியேறி வருஷக்கணக்காகியிருந்தது. வந்தார். அத்தான் கூடத்தில் அவரைப் பார்த்து எழுந்து நின்றார். எழுந்ததற்குக் காரணமாக மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். மாடியில் அக்கா நாற்காலியிலிருந்து எழப் போனாள். நான்தான் உட்காரச் சொன்னேன்.

டாக்டர் அவளுக்குப் பக்கத்தில் நின்று கருவியைக் கண்ணில் வைத்தார். இரண்டு கண்ணையும் திறந்து வைக்கச் சொன்னேன். பல் டாக்டரின் கை, நடுங்கவில்லை. என்ன எண் தெரிகிறது என்று கேட்டேன்.

"பூஜ்யம்."

"கோடு எதுமேல இருக்கு?"

அவர் கருவியை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். தன் மரத்தை இத்தனை வருஷமும் மேலேயிருந்தே பார்த்தவர். இங்கிருந்து அது முழுசாக, வேரிலிருந்து நுனிவரை, எதிரே எழுந்து நின்றது. பிறகு குனிந்து அக்காவின் தலையைப் பார்த்தார். திரும்ப மரத்தைப் பார்த்தார். எந்தக் கணக்கும் தேவைப்படவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி மட்டும்தான்.

"நாள் பூரா இங்கதான் உட்கார்றியாம்மா?" என்று கேட்டார்.

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு டாக்டர். உங்க மரம் மத்தியான வெயிலையும் தடுத்துடுது."

அவர் கருவியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "எவ்வளவு எடுக்கணும்?" என்றார் என்னிடம்.

"ரெண்டு மீட்டர். பதினாறா ஆயிடும். ஜன்னலுக்கு ஒன்றரை மீட்டர் குறைவு. மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. சில்வர் ஓக் தாங்கும்."

"மூணு எடுக்கலாம்," என்றது வாசற்படி. அத்தான் எப்போது மேலே வந்தார் என்று தெரியவில்லை. கையில் எண்ணெய்க் குப்பி இருந்தது. ஆனால் வெளியே காற்றே இல்லை.

"ரெண்டு," என்றார் டாக்டர். "அதுக்கு மேல ஒரு இலைகூடக் கிடையாது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை இவர் வந்து அளக்கட்டும். வளர்ந்தா திரும்பக் குறைக்கலாம். ஆடற பல்லுக்கும் வளர்ற மரத்துக்கும் ரெகுலர் செக்கப்தான்."

அத்தான் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட விதம், மெஷினைத் தூக்கி அரை அடி உள்ளே நகர்த்தி வைத்தது. அக்கா வெளிச்சம் போதவில்லை என்று உடனே அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டாள்.

இரு வாரம் கழித்து ஒரு காற்றில்லாத காலையில் அணில் ஏறினாள். அன்று அக்காவை மட்டும் கீழ் அறைக்குத் துரத்தியிருந்தோம். நுனியைக் கயிற்றில் கட்டி, அறுத்து, மேட்டுப் பக்கமாக இறக்கினாள். நான் கீழே நின்று உயரத்தைக் கண்டு பயப்படும் பணியைச் செவ்வனே செய்தேன். பிறகு மேலேயிருந்தும் கீழேயிருந்தும் கிளினோமீட்டரில் அளந்தேன். பதினாறுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. அத்தான் முகத்திலும் நம்பிக்கை இல்லை, டாக்டர் முகத்திலும் இல்லை. ஒருவருக்கு அது அதிகமாகவும் மற்றவருக்கு அது குறைவாகவும் பட்டிருக்கும்.

"அட, வெட்டினதுதான் தரையில கிடக்கே," என்றாள் அணில், வாரைக் கழற்றிக்கொண்டே. "அதை அளங்க. டேன், கொசைன் ஒண்ணும் வேண்டாம்."

டேப்பை நீட்டினேன். டாக்டர் வாங்கி வெட்டுவாயில் வைத்தார். மறுமுனையை அத்தான் கொழுந்துக்குக் கொண்டுபோனார். இருவரும் ஒரே மரத்தை ஒரே டேப்பால் அளப்பது அதுவே முதல் தடவை. இழுத்துப் பிடிக்கும்படி ஒருவருக்கொருவர் இரண்டு முறை சொல்லிக்கொண்டார்கள். மூன்றாம் முறை சொல்லத் தேவைப்படவில்லை. நடுவில் ஒரு கிளை இடறியது. அத்தான் குனிந்து அதை ஒடித்து, டாக்டரின் பக்கம் பார்த்து, ஒடிக்கலாமா என்று ஒடித்த பிறகு கேட்டார். டாக்டர் பெருந்தன்மையோடு அனுமதித்தார்.

கீழ் அறை ஜன்னலிலிருந்து அக்கா எவ்வளவு என்று கேட்டாள்.

"ரெண்டு," என்றார் டாக்டர்.

"ரெண்டே கால்," என்றார் அத்தான்.

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு மீட்டர், பத்து சென்டிமீட்டர். இருவர் கையிலும் டேப் இறுகத்தான் இருந்தது. அந்த அளவைச் சொல்லாமல் எழுதிக்கொண்டு, மாடிக்குப் போய் உட்காரலாம் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.